ஒரு ரூபாய் வட்டி, மூன்று கணக்கு

பெரியம்மா மகள் அவிநாசியில் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை இறக்கி, தையல் வேலைக்குச் சின்னதாக ஒரு பவர் டேபிள் போடுவது என்று முடிவு செய்தாள். பழைய ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்கள், மோட்டார், டேபிள், வயரிங் எல்லாம் சேர்த்து ரூ. 1,20,000 தேவைப்பட்டது. திருப்பூரில் ஒரு கம்பெனியில் நான் கணக்கு எழுதுகிறேன் என்பதால், கடனுக்கு விசாரித்து வந்த மூன்று இடத்துச் சீட்டுகளையும் என் முன்னால் வைத்தாள்.

"மூணு பேரும் நூத்துக்கு ஒரு ரூபா வட்டிதானுங்ண்ணா சொல்றாங்க. அப்பறம் ஏன் தொகை மட்டும் வேற வேறயா வருது?"

சீட்டில் இருந்தது இதுதான். ஊர் சொசைட்டியில் மாதம் 10,000 அசலும், நிலுவைக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியும் கட்ட வேண்டும். வங்கியில் வருடத்துக்கு 12 சதவீதம், மாதத் தவணை 10,662. பைனான்ஸில் நூற்றுக்கு ஒரு ரூபாய், மாதம் 11,200. மூன்றுக்கும் பன்னிரண்டு மாதம்தான்.

சொசைட்டிக்கும் பைனான்ஸுக்கும் முதல் மாதம் கட்ட வேண்டிய தொகை ஒன்றேதான், 11,200. சொசைட்டியில் 10,000 அசல், 1,200 வட்டி. பைனான்ஸிலும் அதே பிரிவுதான். முதல் தவணையை மட்டும் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்று என்று கையெழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் இரண்டாம் மாதத்தில்தான் தெரியத் தொடங்கும். அதனால் கடன் விசாரிக்கப் போனால், இரண்டாம் மாதம் எவ்வளவு, அதில் வட்டி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

பணத்துக்கு வாடகை

வட்டியைப் பணத்துக்குக் கொடுக்கும் வாடகை என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய் ஒரு மாதம் நம் கையில் இருந்தால் வாடகை ஒரு ரூபாய். ஆட்கூலியை ஆள்-நாள் என்று எண்ணுவது போல, இதை ரூபாய்-மாதம் என்று எண்ணலாம். ஆயிரம் ரூபாய் மூன்று மாதம் இருந்தால் 3,000 ரூபாய்-மாதம். வட்டி அதில் நூறில் ஒரு பங்கு, 30 ரூபாய்.

சொசைட்டிக் கணக்கை இப்படிப் பார்க்கலாம். முதல் மாதம் 1,20,000 நம்மிடம் இருக்கிறது. 10,000 திருப்பிக் கட்டியதும் இரண்டாம் மாதம் 1,10,000. மூன்றாம் மாதம் 1,00,000. கடைசி மாதம் 10,000. ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு குறைகிறது. பத்தாம் வகுப்பில் படித்த கூட்டுத் தொடர்வரிசை இதுதான். முதல் உறுப்பு 1,20,000, பொது வித்தியாசம் கழித்தல் 10,000, உறுப்புகள் 12.

கூட்டுவதற்குப் பன்னிரண்டு எண்ணையும் எழுத வேண்டியதில்லை. முதலையும் கடைசியையும் கூட்டினால் 1,30,000. இரண்டாவதையும் கடைசிக்கு முந்தையதையும் கூட்டினாலும் 1,30,000. முன்னால் எவ்வளவு குறைகிறதோ பின்னால் அவ்வளவு கூடுவதால் எல்லா ஜோடியும் அதேதான். பன்னிரண்டு எண்ணில் ஆறு ஜோடி. 6 × 1,30,000 = 7,80,000 ரூபாய்-மாதம். நூறில் ஒரு பங்கு 7,800. சொசைட்டிக்கு வருடம் முழுக்கக் கட்டும் வட்டி அவ்வளவே.

```
கூட்டுத்தொகை = n/2 × (முதல் உறுப்பு + கடைசி உறுப்பு)
12/2 × (1200 + 100) = 7800
```

ரூபாய்-மாதம் வேண்டாம் என்றால், மாத வட்டிகளான 1,200, 1,100, 1,000 என்பவற்றையே நேராகக் கூட்டலாம். விடை ஒன்றுதான். புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்குவது கடைசி உறுப்பில். கடைசி மாதத்துக்கு வட்டி பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள். பன்னிரண்டாம் தவணை கட்டும் நாள் வரைக்கும் கடைசிப் பத்தாயிரம் நம்மிடம்தான் இருந்தது. அதற்கு 100 ரூபாய் வட்டி உண்டு.

சரி, பைனான்ஸ் கணக்கு. 1,20,000-க்கு மாதம் 1,200, பன்னிரண்டு மாதத்துக்கு 14,400. அதை அசலோடு சேர்த்து 1,34,400. பன்னிரண்டால் வகுத்தால் 11,200. இதைத்தான் பிளாட் வட்டி என்கிறார்கள். (பிளாட்லாக் மெஷினுக்கு பிளாட் வட்டியா என்று மாப்பிள்ளை சிரித்தார். கணக்கு முடிந்த பிறகு சிரிக்கவில்லை.)

இந்தக் கணக்கு ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. ஊரில் கைமாற்றாகக் கடன் வாங்கினால் மாதா மாதம் வட்டியை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்போம். மஞ்சள் விற்றதும், தேங்காய்க் காசு வந்ததும் அசலை ஒரே மொத்தமாகத் திருப்புவோம். அப்போது வருடம் முழுக்க 1,20,000 நம்மிடமே இருக்கிறது. 14,40,000 ரூபாய்-மாதம், 14,400 வட்டி. ஒரு ரூபாய் வட்டி என்றால் அங்கே அப்பட்டமாக ஒரு ரூபாய்தான். அசலையும் மாதா மாதம் பிடுங்கிக்கொண்டே வட்டியை மட்டும் முழு அசலுக்குப் போடும்போதுதான் பெயர் பழையதாகவும் விலை புதியதாகவும் ஆகிவிடுகிறது. எட்டாம் மாதம் வீட்டில் பாதிக்கு மேல் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டோம், வாடகை மட்டும் முழு வீட்டுக்கு என்றால் யாராவது கொடுப்போமா?

உண்மையான வட்டியை விரல் விட்டு எண்ண

பைனான்ஸின் உண்மை வட்டியைத் தோராயமாகக் கண்டுபிடிக்க கூட்டுத் தொடரே போதும். தவணையில் அசல் சமமாகக் கழிவதாக வைத்துக்கொண்டால் சராசரியாக நம்மிடம் இருந்த பணம் முதலுக்கும் கடைசிக்கும் நடு, அதாவது 1,30,000-ல் பாதி, 65,000. கொடுத்த வட்டி 14,400. வகுத்துப் பார்த்தால் வருடத்துக்கு 22.15 சதவீதம். மாதத்துக்கு ஒரு ரூபாய் எண்பத்தைந்து காசு மாதிரி வருகிறது. ஒரு ரூபாய் என்று சொன்னது கிட்டத்தட்ட இரண்டு ரூபாயை நெருங்குகிறது.

சுருக்கமாக எழுதினால் இப்படி:

```
உண்மை வட்டி (தோராயம்) = பிளாட் வட்டி × 2n / (n + 1)
12 × 24 / 13 = 22.15
```

n என்பது தவணைகளின் எண்ணிக்கை. 12 தவணைக்கு 24/13 என்றால் ஏறக்குறைய 1.85 மடங்கு. தவணை கூடக்கூட இது இரண்டு மடங்கை நோக்கிப் போகும்.

சந்தைக் கடைக்காரர்கள் வாங்கும் நூறு நாள் தண்டலுக்கும் இதே விரல் கணக்கு செல்லும். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். சராசரியாகக் கையில் இருந்தது 9,000 × 101/200, அதாவது 4,545. அதற்கு நூறு நாளில் 1,000 கொடுக்கிறோம். நூறு நாளைக்கு 22 சதவீதம், முப்பது நாளைக்கு 6.6. நூற்றுக்கு பத்து ரூபாய்தானே பிடித்தார்கள் என்று நினைத்திருப்போம். அது மூன்று மாதத்துக்குப் பத்து என்று தோன்றும். உண்மையில் மாதத்துக்கு ஆறு ரூபாயைத் தாண்டுகிறது.

இந்தக் குறுக்கு வழி எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். ஒரு வருடக் கடனில் அந்தக் கூடுதல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, பொருட்படுத்த வேண்டாம். மூன்று வருடத்துக்குப் பிளாட் 12 என்றால் இது 23.35 காட்டும், சரியான விடை 21.2 தான். ஏன் இப்படி என்பது வங்கித் தவணையைப் பார்த்தால் புரியும்.

வங்கித் தவணை எங்கிருந்து வருகிறது

10,662 என்பதை வங்கியில் யாரும் விளக்க மாட்டார்கள், கம்ப்யூட்டர் சொல்கிறது என்பார்கள். அதை நாமே வரவழைத்துவிடலாம்.

மாதம் ஒரு முறை இரண்டு வேலை நடக்கிறது. நிலுவை 1.01 மடங்காகிறது (வட்டி சேர்கிறது), பிறகு தவணை கழிகிறது. பன்னிரண்டு முறை நடந்ததும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். தவணை தெரியாததால் அதை E என்று வைப்போம்.

கடன் தொகையையும் தவணைகளையும் தனித்தனிச் சீட்டில் எழுதினால் எளிது. கடன் சீட்டில் 1,20,000 பன்னிரண்டு மாதம் வட்டி போட்டு வளர்கிறது. தவணைச் சீட்டில் நாம் கட்டிய ஒவ்வொரு E-யும் அதே வட்டியில் வளர்கிறது. கட்டியதும் அது கடன் கொடுத்தவருக்கு உழைக்கத் தொடங்கிவிடுகிறது அல்லவா? முதல் மாதம் கட்டிய E கடைசி நாள் வரை பதினோரு மாதம் வளர்ந்திருக்கும், இரண்டாம் மாதத்து E பத்து மாதம். கடைசி மாதத்து E வளரவே இல்லை. வருட முடிவில் இரண்டு சீட்டும் சமமாக இருந்தால் கணக்குத் தீர்ந்தது.

```
120000 × 1.01^12 = E × (1 + 1.01 + 1.01^2 + ... + 1.01^11)
```

வலது பக்கத்து அடைப்புக்குள் இருப்பது பெருக்குத் தொடர். ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைப் போல 1.01 மடங்கு. இதற்கு ஜோடி சேர்க்கும் வித்தை உதவாது, வேறு ஒன்று உண்டு. கூட்டுத்தொகையை S என்று எழுதிக்கொண்டு, முழு வரிசையையும் 1.01-ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு உறுப்பும் ஒரு படி நகர்ந்து அடுத்ததின் மேல் உட்கார்ந்துவிடும். பெருக்கியதிலிருந்து பழையதைக் கழித்தால் நடுவில் இருப்பதெல்லாம் அடிபட்டு, கடைசியில் வந்த 1.01^12 மட்டும் மிஞ்சும், முதலில் இருந்த 1 கழியும்.

```
1.01 S - S = 1.01^12 - 1
S = (1.126825 - 1) / 0.01 = 12.6825
```

இனி வகுத்தல்தான். 1,20,000 × 1.126825 = 1,35,219. அதை 12.6825-ஆல் வகுத்தால் E = 10,661.85. வங்கி ரூபாய்க்கு ஏற்றி 10,662 என்று எழுதியிருக்கிறது.

1.01-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கக் கடைக் கால்குலேட்டரே போதும். 1.01 அடித்து × அழுத்தி = அழுத்துங்கள். 1.0201 வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கால்குலேட்டரில் × இரண்டு முறை அழுத்திப் பாருங்கள். பிறகு = அழுத்த அழுத்த அடுத்த அடுத்த அடுக்கு வரும். முதல் =-லேயே இரண்டாம் அடுக்கு வந்துவிட்டதால், பன்னிரண்டாம் அடுக்குக்கு மொத்தம் பதினோரு முறைதான் அழுத்த வேண்டும். பன்னிரண்டு முறை அழுத்தினால் 1.138 காட்டும், அது பதின்மூன்றாம் மாதம். நானே இதில் ஒருமுறை மாட்டி, ஒரு மணி நேரம் வங்கிக்காரரைத் திட்டியிருக்கிறேன்.

இன்னொரு தவறு, 1 என்ற இடத்தில் 12-ஐப் போடுவது. வருட வட்டி 12 சதவீதம் என்றால் மாதக் கணக்கில் அதைப் பன்னிரண்டால் வகுத்து 0.01 ஆக்கிக்கொள்ள வேண்டும்.

விடையைச் சரிபார்க்க இரண்டு மாதத்தைக் கையால் எழுதிப் பாருங்கள். முதல் மாத வட்டி 1,200, அசலுக்குப் போவது 9,461.85. மிச்சம் 1,10,538.15. இரண்டாம் மாத வட்டி 1,105.38, அசலுக்கு 9,556.47. இந்த 9,556.47-ஐ 9,461.85-ஆல் வகுத்தால் சரியாக 1.01. அசல் கழியும் தொகைகளும் ஒரு பெருக்குத் தொடர்வரிசை. வங்கி தரும் தவணைப் பட்டியலில் அசல் என்ற பத்தியில் அடுத்தடுத்த இரண்டு எண்ணை வகுத்தாலே மாத வட்டி வெளியே வந்துவிடும். விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் இது பொய் சொல்லாது. தேதி கணக்கில் வட்டி போடும் இடங்களில் 30 நாள், 31 நாள் மாதத்தால் கடைசி இலக்கங்கள் சற்று ஆடும், அவ்வளவே.

மொத்தமாகப் பார்த்தால் வங்கிக்குப் போகும் வட்டி 7,942. சொசைட்டியை விட 142 ரூபாய் கூடுதல். வங்கியில் வட்டி விகிதம் அதிகம் என்று தங்கச்சி நினைத்தாள். விகிதம் ஒன்றுதான். ஆரம்ப மாதங்களில் 10,000-க்குக் குறைவாகவே அசல் கழிவதால் பணம் கொஞ்சம் அதிக நாள் நம்மிடம் இருக்கிறது. கூடுதலாக இருந்த பணத்துக்குக் கூடுதல் வாடகை. மேலே சொன்ன விரல் கணக்கு கொஞ்சம் அதிகமாகக் காட்டியதற்கும் இதுதான் காரணம். அசல் சமமாகக் கழிகிறது என்று அது நினைத்துக்கொள்கிறது, தவணையில் அப்படிக் கழிவதில்லை.

பைனான்ஸின் வட்டியைச் சரியாகப் பிடிக்க

வங்கியில் வட்டி தெரியும், தவணை தெரியாது. பைனான்ஸில் நேர் எதிர். தவணை 11,200 தெரியும், உண்மை வட்டி தெரியாது. இதற்கு நேரடிச் சூத்திரம் கிடையாது. யூகித்து, போட்டுப் பார்த்து, நெருக்க வேண்டும்.

1.75 சதவீதம் என்று யூகிப்போம். கடன் சீட்டு 1,20,000 × 1.0175^12 = 1,47,773. தவணைச் சீட்டில் S = 0.231439 / 0.0175 = 13.2251, அதை 11,200-ஆல் பெருக்கினால் 1,48,121. தவணைச் சீட்டு 348 ரூபாய் கூடுதல். இந்த வட்டிக்குத் தேவையானதற்கு மேலே கட்டியிருக்கிறோம் என்றால் அவர்கள் வாங்கிய வட்டி இதைவிட அதிகம். 1.8 போட்டால் கடன் சீட்டு 1,48,646, தவணைச் சீட்டு 1,48,537. இப்போது கடன் 109 ரூபாய் கூடுதல், அதனால் வட்டி 1.8-க்குக் கொஞ்சம் கீழே. 348-க்கும் 109-க்கும் நடுவே தூரத்தைப் பங்கு போட்டால் 1.788. பன்னிரண்டால் பெருக்க, வருடத்துக்கு 21.46 சதவீதம். விரல் கணக்கு 22.15 சொன்னது நினைவிருக்கும்.

போனில் ஷீட்ஸ் இருந்தால் ஒரு வரி போதும்:

```
=PMT(1%,12,-120000)
=RATE(12,-11200,120000)
```

முதல் வரி வங்கித் தவணையைத் தரும், இரண்டாவது பைனான்ஸின் மாத வட்டியை. RATE-ல் தவணைக்கு முன்னால் கழித்தல் குறி முக்கியம். வாங்கியதும் கட்டியதும் எதிரெதிர்த் திசை என்று அதற்குத் தெரிய வேண்டும், குறியை விட்டால் #NUM! என்று நின்றுவிடும். விடை வெறும் 2% என்று காட்டினால் அது தசமத்தை விழுங்கியிருக்கிறது, தசம இடங்களைக் கூட்டிப் பாருங்கள். 1.788-ஐ 2 என்று நம்பி யாரிடமாவது சண்டைக்குப் போக வேண்டாம்.

அப்புறம், சீட்டின் கடைசியில் பென்சிலில் "டாக்குமென்ட் செலவு 2,400" என்று எழுதியிருந்தது. கடன் தொகையில் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்களாம். நூற்றுக்கு இரண்டு ரூபாய்தானே என்று தங்கச்சி அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கையில் வருவது 1,17,600, கட்டுவது அதே 11,200. சூத்திரத்தில் 120000 இருந்த இடத்தில் 117600 போட்டதும் வட்டி மாதம் 2.117-க்குப் போனது. வருடத்துக்கு 25.4. இரண்டு சதவீதப் பிடித்தம் வருட வட்டியில் நான்கு சதவீதம் ஏற்றிவிட்டது. பிடித்த பணம் முதல் நாளே போய்விடுகிறது, ஆனால் சராசரியாக நம்மிடம் இருப்பது கடனில் பாதிதான், அதனால் பாரம் இரட்டிப்பாக விழுகிறது. முதல் தவணையைப் பிடித்துக்கொண்டு பணம் கொடுப்பதும் இதே ரகம். அப்போது கையில் வருவது 1,08,800, மீதி 11 தவணை. `=RATE(11,-11200,108800)` போட்டுப் பாருங்கள், 2.13 வரும். ஆக, சூத்திரத்தில் எப்போதும் கைக்கு வந்த தொகையைத்தான் போட வேண்டும், பத்திரத்தில் எழுதிய தொகையைப் போடக் கூடாது.

2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள பைனான்ஸ் கம்பெனிகளும் தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் தவணைக் கடனுக்கும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்ற தாளை, கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்ற வரி இருக்கும். பிடித்தங்களையும் சேர்த்துப் போட்ட வருட வட்டி அது. நாம் கண்டுபிடித்த 25.4 போன்ற எண்ணை அந்த வரியில் தேடுங்கள். தாள் தராமல் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், கணக்கை நாம்தான் போட்டாக வேண்டும்.

பாதியில் முடித்தால்

தீபாவளி ஆர்டரில் கொஞ்சம் காசு சேர்ந்து, ஆறு தவணை கட்டியதும் பைனான்ஸ் கடனை முடிக்கலாம் என்று போனால் என்ன கேட்பார்கள்? மீதி ஆறு தவணையையும் கூட்டி 67,200 என்றால், முன்கூட்டியே முடித்ததில் ஒரு பைசா லாபம் இல்லை. பாதி அசல் 60,000 போதும் என்றால் வாயை மூடிக்கொண்டு கட்டிவிடலாம், அது நமக்குச் சாதகம். நியாயமான தொகை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அதைக் காண ஒரு பழைய வழி உண்டு. 1 முதல் 12 வரை கூட்டினால் 78. மொத்த வட்டி 14,400-ஐ 78 பங்காக்கி, முதல் மாதத்துக்கு 12 பங்கு, அடுத்ததற்கு 11 என்று கொடுத்துக்கொண்டே வர வேண்டும். சொசைட்டி வட்டி இறங்கிய மாதிரியேதான். இன்னும் வராத ஆறு மாதத்துக்கு 6 + 5 + 4 + 3 + 2 + 1, அதாவது 21 பங்கு. 14,400 × 21/78 = 3,877. இந்த வட்டியைத் தள்ளுபடி செய்தால் கட்ட வேண்டியது 63,323. பெருக்குத் தொடரால் சரியாகப் போட்டால் சுமார் 63,190. வித்தியாசம் நூற்றுச் சொச்சம்தான், அதுவும் கடன் கொடுத்தவர் பக்கமே சாய்கிறது. ஆனால் கால்குலேட்டர் இல்லாமல் கவுன்டரில் நின்றுகொண்டே சொல்லிவிடலாம்.

தங்கச்சி கடைசியில் வங்கிக்கே போனாள். வட்டி சொசைட்டியில்தான் குறைவு. ஆனால் முதல் மூன்று நான்கு மாதம் வேலை எப்படி வரும் என்று தெரியாத நேரத்தில் 11,200-க்குப் பதில் 10,662 என்பது சனிக்கிழமை சம்பளம் போடுவதற்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது. அந்தக் கடனுக்கு வங்கியில் பிடித்தம் எதுவும் இல்லை.

பன்னிரண்டாம் மாதம் போன் செய்தாள். "ஏனுங்ண்ணா, கடைசித் தவணை 10,660 போதும்னு மெசேஜ் வந்திருக்குது. ரெண்டு ரூவா தப்பா எடுத்துட்டாங்களா?"

மாதம் 15 பைசா கூடுதலாகக் கட்டி வந்தாய், பன்னிரண்டு மாதத்துக்கு 1.80 என்றேன்.

"அப்ப மிச்சம் இருபது பைசா எங்கிருந்து வந்துச்சு?" பக்கத்தில் பேப்பரும் பேனாவுமாகத்தான் உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது.

"15 பைசாவை S-ஆல பெருக்கிப் பாரு அம்மிணி, 12.68."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் ஓவர்லாக் ஓடிக்கொண்டிருந்தது.

"1.90," என்றாள்.